சாவியைக் கொடுக்கும் முன் வாசிக்க வேண்டிய கடிதம்

பூனாவின் சாங்வியில் பவனா நதிக்கரையை அடுத்த ஒரு சந்தில், பதினான்கு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். வீட்டுக்காரரும் தமிழர், ஓய்வுபெற்று திருநெல்வேலிக்குத் திரும்ப விரும்பி வீட்டை விற்கிறார். வாய்வார்த்தையாகச் சொல்லி முடித்திருக்கலாம். ஆயினும் அவர் ஒரு கடிதம் எழுதுகிறார். அவ்விதமான கடிதம் எப்படி இருந்தால் நல்லது என்பதற்கு நாம் எழுதிய மாதிரி இது:

"அன்புள்ள தம்பிக்கும் தங்கைக்கும், வீட்டை விற்க ஒப்புக்கொண்டுவிட்டேன். 2011 ஜூன் முதல் தாங்கள் இங்கே இருந்தீர்கள். ஒரு மாதமும் வாடகை தவறவில்லை. சின்னவளின் தேர்வு முடியும்வரை காத்திருக்கும்படி வாங்குகிறவரிடம் பேசியிருக்கிறேன். மே 31 வரை இருக்கலாம், அதற்கு அவரும் இதன் அடியில் கையொப்பமிட்டிருக்கிறார். தங்கள் டெபாசிட் 40,000 ரூபாய் என்னிடமே இருக்கிறது. குளியலறைக் கதவுக்கு 2,500 ரூபாய் கழித்து, மீதி 37,500 ரூபாயைச் சாவி வாங்கும் அன்றே தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துவேன். சுவர் வெளிறியது பதினான்கு வருடத்தின் வேலை, அதற்கு ஒன்றும் கழிக்கவில்லை. கடைசி மின்கட்டண ரசீதை மட்டும் காட்டுங்கள். அக்காவுக்குத் தங்கையை விட்டுப் போவது பெரும் துக்கம். ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும்."

இதில் கண்ணீரை வரவழைப்பது கடைசி இரண்டு வரிகள். குடும்பத்தைக் காப்பாற்றுவதோ நடுவில் உள்ள வரிகள். ஏன் என்று சொல்லுகிறேன்.

மகாராஷ்டிராவில் நம்மவர் பெரும்பாலும் கையொப்பமிடுவது 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது வழக்கம். இது குத்தகை அல்ல, வீட்டில் இருக்க அளிக்கப்படும் அனுமதி மட்டுமே. குத்தகையாக இருந்தால், வீடு கைமாறினாலும் புதிய உரிமையாளர் பழையவரின் இடத்தில் வந்து நிற்பார், குத்தகை தொடரும். ஆனால் 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, வீட்டை வாங்கியவர் பழையவர் கொடுத்த அனுமதிக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்கிறது. ஆகவே "நீங்கள் இருங்கள், வாங்குகிறவர் நல்லவர்" என்ற வார்த்தை மாத்திரம் போதாது. வாங்குகிறவரின் கையொப்பம் வேண்டும். மாதிரிக் கடிதத்தில் அது இருப்பதைக் கவனித்தீர்களா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்பும் பழக்கத்தினால் இருந்துவிடுகிறோம். 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, காலம் முடிந்தும் வெளியேறாதவர் மாத வாடகையைப்போல் இரண்டு மடங்கு நஷ்டஈடு கொடுக்க நேரிடலாம். "தேர்வு முடிந்து போங்கள்" என்று அன்போடு சொன்ன வார்த்தை, ஆள் மாறியபின் யாருக்கு நினைவிருக்கும்? தேதியோடு எழுதப்பட்டிருந்தால் வழக்கே வராது.

டெபாசிட்டைப் பற்றி மிகவும் கவனமாயிருங்கள். வழுக்கிவிடும் இடம் இதுவே. "அதைப் புதியவர் தருவார்" என்று கடிதத்தில் இருந்தால், பணம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததை அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டாரா என்று கேளுங்கள். இல்லையேல் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். முன்னவர் ஊருக்குப் போய்விட்டிருப்பார். பணமும் சாவியும் ஒரே நாளில் கைமாறுவதே சரி. மீட்டர் அளவைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், வீட்டின் ஒவ்வொரு அறையையும் அப்படியே.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது, அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, வீட்டுக்காரரின் பொறுப்பு. பதிவு செய்யாதபோது, என்ன நிபந்தனையில் வீடு கொடுக்கப்பட்டது என்பதில் குடியிருந்தவர் சொல்வதே, மாறாக நிரூபிக்கும்வரை, ஏற்கப்படும். டெபாசிட் எவ்வளவு என்ற தகராறு எழும்போது இது பெரிய உதவி. எனினும் நீதிமன்றப் படியேறும் காலத்தையும் செலவையும் எண்ணினால், ஒரு தாளில் நான்கு வரி எவ்வளவோ மேல்.

பதினான்கு ஆண்டு இருந்ததையும் வாடகை தவறாததையும் சொல்லும் அந்த வரியை அலட்சியம் செய்யாதீர்கள். பிம்ப்ளே குரவிலோ தாபோடியிலோ அடுத்த வீடு தேடும்போது, முன்பின் அறியாத வீட்டுக்காரரின் கையில் கொடுக்க இதைவிட நல்ல சிபாரிசு கிடைக்காது. வீட்டுக்காரர் மறந்திருந்தால், தயக்கமில்லாமல் கேட்டு எழுதி வாங்குங்கள். நகல் எடுத்து, பழைய ஒப்பந்தங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.