2 யூரோ நாணயம் கையில் இருக்கா? வங்கியில் ஏன் மாற்ற முடியாது, வேறு என்ன வழி?

விழுப்புரம் மாவட்டம் பனமலையில் பல்லவர் கால ஓவியம் பார்க்க வரும் ஐரோப்பியப் பயணி ஒருவர், வழிகாட்டியவருக்கு 2 யூரோ நாணயம் ஒன்றை அன்பளிப்பாகத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூரோ சுமார் 100 ரூபாய் என்றால், கையில் இருப்பது 200 ரூபாய். ஆனால் செஞ்சியிலோ விழுப்புரத்திலோ அதை ரூபாயாக மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

நம்ம ஊரில் வங்கிகளும் பணம் மாற்றும் நிறுவனங்களும் பொதுவாக வெளிநாட்டு நோட்டுகளை மட்டுமே வாங்குகின்றன. காரணம் எடைதான். வாங்கிய பணத்தை அவர்கள் மொத்தமாகச் சேர்த்து வெளியே விற்க வேண்டும். 2 யூரோ நாணயம் ஒன்று 8.5 கிராம். 200 யூரோவுக்கு 100 நாணயம், அதாவது 850 கிராம். அதே தொகை இரண்டே நோட்டில் அடங்கிவிடும். நாணயத்தை எண்ணி, பிரித்து, விமானத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்பும் செலவில் லாபம் கரைந்துவிடும்.

போலிப் பயமும் உண்டு. தாய்லாந்தின் 10 பாட் நாணயம் எடையிலும் நிறத்திலும் கிட்டத்தட்ட 2 யூரோ மாதிரியே இருக்கும். மதிப்போ அதில் ஏழில் ஒரு பங்குகூட வராது. வாங்கும்போது ‘2 EURO’ என்ற எழுத்தைப் பாருங்க. மறுபக்கப் படம் நாட்டுக்கு நாடு மாறும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், யூரோ நாடுகள் எல்லாவற்றிலும் அது செல்லும்.

அப்போ என்ன செய்யலாம்? நாணயங்களைச் சேர்த்து வைத்து, ஊர் திரும்பும் அடுத்த ஐரோப்பியப் பயணியிடம் நோட்டாகக் கேட்பதுதான் நடைமுறையில் எளிது. யூரோவில் மிகச் சிறிய நோட்டே 5 தான். ஆக, ஐந்து 2 யூரோ நாணயம் சேர்ந்தால் ஒரு 10 யூரோ நோட்டு கேட்கலாம். நோட்டு வந்துவிட்டால் மாற்றுவது சுலபம். பயணியிடம் முதலிலேயே ரூபாயாகக் கேட்டால் இந்த அலைச்சலே இல்லை.

வெளிநாடு போய்வரும் நம்மவர்கள் கடைசி நாளில் விமான நிலையக் கடையில் சில்லறையை முதலில் கொடுத்து, மீதியை கார்டில் கட்டலாம். சில விமானங்களில் யுனிசெஃப் அமைப்புக்காக மிச்சச் சில்லறையை உறையில் வாங்குகிறார்கள். வீட்டில் மிஞ்சினாலும் பயம் வேண்டாம். வெளிநாட்டு நாணயங்களை வைத்திருக்க ரிசர்வ் வங்கி விதியில் உச்சவரம்பு இல்லை.

ஆனால் எல்லா நாணயமும் காத்திருக்காது. புதுச்சேரிப் பக்கம் பழைய பெட்டிகளில் கிடக்கும் பிரெஞ்சு ஃபிராங்க் நாணயங்களை மாற்றும் கெடு 2005-லேயே முடிந்துவிட்டது. பிரிட்டனின் பழைய வட்டமான 1 பவுண்ட் நாணயம் 2017 அக்டோபர் முதல் கடைகளில் செல்லாது. ஜெர்மனியின் பழைய மார்க் ஒரு விதிவிலக்கு. அந்நாட்டு மத்திய வங்கி இன்றும் அதை யூரோவாக மாற்றித் தருகிறது.