கதவு மூடும்போது ஒளிந்திருக்கும் சங்கிலி

ஸ்பிரிங்கும் எண்ணெய்த் தடுப்பும் பொருத்திய கதவு, ஆடாமல் அசையாமல், அதே சமயம் முடிந்த அளவு விரைவாக மூடுகிறது. அதன் கணக்கை எளிய எண்களில் எழுதினால் முதல் வரிசை 0, 1. இரண்டாம் வரிசை −1, −2 கொண்ட அணி A கிடைக்கும்.

இதன் ஐகன் மதிப்பு −1, இரண்டு முறை வருகிறது. ஆனால் ஐகன் வெக்டர் u = (1, −1) ஒன்றுதான். இரண்டு வேண்டிய இடத்தில் ஒன்று குறைவதால் இது குறையுள்ள அணி.

விடுபட்டதை எப்படிப் பிடிப்பது? A + I என்ற அணி u-வைப் பூஜ்யமாக்குகிறது. எந்த வெக்டரை அது u-வாக மாற்றும் என்று தேடினால் w = (1, 0) அகப்படும். w, u-வாகி, u பூஜ்யமாகிறது: இதுவே சங்கிலி. w-வுக்குப் பெயர் பொதுமைப்படுத்திய ஐகன் வெக்டர்.

தீர்வு e^(−t)(w + t·u). திறந்து, அசையாமல் பிடித்து விட்ட கதவின் நிலை e^(−t)(1 + t). அந்த t, சங்கிலி தந்தது.

கணினியில் மட்டும் கவனம் தேவை. அணியிலுள்ள −1 என்பது −0.9999 ஆனாலே ஐகன் மதிப்புகள் −0.99, −1.01 எனப் பிரிந்து, சங்கிலி அறுந்துவிடும்.