"ஆம்" என்ற பதிலை எப்போது நம்புவது?

அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நெருக்கடியில் பயிற்சி மருத்துவர் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்: "குரல் கேட்கிறது – ஆம். யாரோ கட்டுப்படுத்துவதாக உணர்கிறார் – ஆம்." இரண்டு ஆம் சேர்ந்தால் சைக்கோசிஸ். மாத்திரைச் சீட்டோடு நோயாளி வெளியே வந்துவிடுவார்.

நூல் மில்லில் வேலை பார்க்கும் 23 வயதுப் பெண் ஒருவரை வைத்துப் பார்ப்போம். இது பாடத்துக்காக அமைத்த உதாரணம், ஆள் யாருமில்லை. "காதுல குரல் கேக்குதா?" என்றார் பயிற்சி மருத்துவர். பெண் தலையாட்டினார். "உங்களைத் திட்டுதா? உங்க கை காலை யாரோ இயக்குற மாதிரி இருக்கா?" அதற்கும் தலையாட்டல். நேர்காணல் முடிந்தது. இந்த ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண் தன் வார்த்தையில் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை.

கேள்விகளை மருத்துவர் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒருவரைப் பற்றிக் குரல்கள் பேசிக்கொள்வது, தன் எண்ணத்தை யாரோ உள்ளே திணிப்பது, உடலை வேறொரு சக்தி இயக்குவது போன்றவற்றை ஜெர்மானிய மனநல மருத்துவர் குர்ட் ஷ்னைடர் மனச்சிதைவு நோயின் முதல்தர அறிகுறிகள் என்று வகுத்தார். பல தலைமுறை மாணவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். 1987இல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் கிளஃப்ட் அந்தப் பட்டியலை வேறொரு கூட்டத்திடம் போட்டுப் பார்த்தார். பல ஆளுமைக் கோளாறு என்று அன்று அழைக்கப்பட்ட டிசோசியேஷன் நோய் உள்ள 30 பேர் அவர்கள். ஒவ்வொருவரிடமும் சராசரியாக மூன்றுக்கும் மேற்பட்ட 'முதல்தர' அறிகுறிகள் இருந்தன. குரல் கேட்பது மட்டும் எந்த நோயையும் காட்டிக்கொடுக்காது என்பது அதிலிருந்து தெளிவானது.

டிசோசியேஷன் என்பது நினைவு, உணர்வு, 'நான்' என்ற எண்ணம் ஆகியவை ஒன்றோடொன்று சேராமல் விலகி நிற்பது. தாங்க முடியாத அதிர்ச்சியைச் சந்தித்தவர்களிடம் இது அதிகம். சைக்கோசிஸில் பாதிக்கப்படுவது எது நிஜம் என்று எடைபோடும் திறன். இரண்டிலும் குரல் வரலாம். முன்பெல்லாம் தலைக்குள் கேட்டால் டிசோசியேஷன், வெளியிலிருந்து கேட்டால் சைக்கோசிஸ் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கேட்க வசதியான விதிதான். நடைமுறையில் அதை நம்பிப் பிரிக்க முடியவில்லை. இரண்டு நோயிலும் இரண்டு விதமாகவும் கேட்கிறது.

மில் பெண்ணை மூத்த மருத்துவர் மறுபடி அழைத்தார். நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, எழுதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன தொந்தரவும்மா? உங்க வார்த்தையிலயே சொல்லுங்க."

"என்னமோ ஆகுது மேடம். சொல்லத் தெரியல."

"பரவாயில்ல. கடைசியா எப்ப ஆச்சு? அன்னிக்குக் காலைல எழுந்ததுலேர்ந்து ஒவ்வொண்ணா சொல்லுங்க."

ஷிப்டில் சூப்பர்வைசர் கத்தியிருக்கிறார். உடனே மெஷின் சத்தம் எங்கோ தூரத்தில் போய்விட்டது. தன் கையைப் பார்த்தால் யாருடைய கையோ போல இருந்தது. 'நீ உதவாக்கரை' என்று ஒரு குரல். அப்புறம் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்திருந்தது ஞாபகம். நடுவில் மூன்று மணி நேரம் இல்லை. கூட இருந்த பெண்கள், "நீதானடி நடந்து வந்தே, டீ குடிச்சே" என்றார்களாம்.

"அது என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?"

"அம்மா பேய்ங்கிறாங்க. எனக்கு என் மனசுதான்னு தோணுது மேடம். ஆனா நிறுத்த முடியல."

கடைசிக் கேள்விதான் அதிகம் சொல்லிக்கொடுத்தது. தன் கை அந்நியமாகத் தெரிந்தாலும் அது தன் கைதான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது. அறிகுறி நெருக்கடியில் தொடங்கி நெருக்கடி தணிந்ததும் அடங்குகிறது. பேச்சு கோவையாக இருக்கிறது. நினைவில் ஓட்டை இருக்கிறது. சைக்கோசிஸ் உள்ள ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டால், "மேனேஜர் டவர் வழியா என் மண்டைக்குள்ள பேசுறார்" என்று பதில் வரலாம். "வேற காரணம் ஏதாவது இருக்குமா?" என்றால் இடமே இல்லை என்பார், பக்கத்து வீட்டுக்காரரும் அதில் கூட்டு என்பார். பேச்சு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்பில்லாமல் தாவலாம். பல மாதங்களாகக் குளிக்காமல், யாரோடும் ஒட்டாமல் ஒடுங்கிப்போனதை வீட்டார் சொல்வார்கள்.

ஒழுங்கு இதுதான்: முதலில் திறந்த கேள்வி, அடுத்து நடந்த ஒரு நாள், அதன்பிறகே குறிப்பான கேள்வி. அதையும் எந்தப் பதிலும் சரி என்பது தெரியும்படி கேட்க வேண்டும். "உங்களுக்கு நேரம் காணாமப் போகுதில்ல?" என்பது தவறு. "நடந்ததெல்லாம் வரிசையா ஞாபகம் இருக்கா, இல்ல நடுவுல விட்டுப் போகுதா? ரெண்டும் இல்லன்னாலும் சொல்லுங்க" என்பது பரவாயில்லை. ஆம் என்றால் உடனே, "சமீபத்துல நடந்த ஒண்ணச் சொல்லுங்க." உதாரணம் வராத 'ஆம்', டாக்டருக்கு மரியாதை கொடுத்த ஆமாக இருக்கலாம். நம் ஊரில் அது அதிகம். "ஹாஸ்டலில் யாராவது தொட்டாங்களா? சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சா?" என்று பாய்வதும் கூடாது. "நீங்க வளர்ந்த வீடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

தூண்டும் கேள்வி எதிர்ப்பக்கமும் தள்ளிவிடும். 1973இல் அமெரிக்காவில் 'சிபில்' என்ற புத்தகம் வந்தது. 16 ஆளுமைகள் கொண்ட பெண்ணின் கதை என்று பெரும் விற்பனை. அந்தப் பெண் ஷிர்லி மேசன்; சிகிச்சை அளித்தவர் கார்னீலியா வில்பர். பென்டோதால் ஊசி போட்டுப் பல ஆண்டுகள் பேச வைத்தார். ஆளுமைகளெல்லாம் நடிப்பு என்று 1958இல் மேசனே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சிகிச்சையை எதிர்க்கும் மனத்தின் தந்திரம் என்று வில்பர் அதை ஒதுக்கிவிட்டார். வில்பர் இல்லாத நாட்களில் மேசனைக் கவனித்த ஹெர்பர்ட் ஸ்பீகல் பின்னாளில் ஒன்றை நினைவுகூர்ந்தார்: ஒருமுறை மேசன், தான் இப்போது 'ஹெலன்' ஆக வேண்டுமா என்று அவரிடம் கேட்டாராம். விரும்பினால் ஆகலாம், ஆனால் அவசியமில்லை என்றதும் ஹெலன் வரவில்லை. மேசனின் துன்பம் பொய்யாக இருந்திருக்க வேண்டியதில்லை. அதற்கு அமைந்த வடிவம் கேட்டவரிடமிருந்து வந்திருக்கலாம் என்பதுதான் இங்கே பாடம்.

நல்ல கேள்விகள் கேட்டாலும் ஒரே அமர்வில் முடிவு வராமல் போகலாம். டெம்போரல் பகுதி வலிப்பும் போதைப் பொருளும் இரண்டு நோயையும் போலவே தோற்றம் காட்டும். அவற்றை முதலில் விலக்க வேண்டும். ஒருவருக்கே இரண்டும் சேர்ந்தும் இருக்கும். ஆடி மாதம் கோயிலில் சாமி வருவது, ஊர் ஏற்ற இடத்தில் தொடங்கி அங்கேயே முடிந்தால், நோய்ப் பட்டியலில் வராது. மில் பெண்ணுக்கும் மூத்த மருத்துவர் அன்றே பெயர் எழுதவில்லை. "டிசோசியேஷன் சாத்தியம், வலிப்புப் பரிசோதனை, இரண்டு வாரத்தில் மறுபடி" என்றுதான் எழுதினார்.

வீட்டில் ஒருவருக்கு இப்படி இருந்தால், மருத்துவரிடம் போகுமுன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த நேரம், சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, பிறகு அவருக்கு ஞாபகம் இருந்ததா. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். 'பேய்' என்றோ 'டிப்ரஷன்' என்றோ நீங்கள் பெயர் வைக்க வேண்டாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது. செத்துப்போ என்றோ யாரையாவது அடி என்றோ குரல் சொன்னால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமானால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.