கடன்பத்திரத்தோடு கூட வாங்கிய வட்டி

கடன்பத்திரத்தின் வட்டி நாள்தோறும் ஊறிக்கொண்டிருந்தாலும், அது கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஆண்டில் இரண்டே தேதிகளில்தான். அந்த இரு தேதிகளுக்கும் நடுவே பத்திரம் கைமாறுமானால், விற்பவர் தாம் வைத்திருந்த நாட்களுக்குரிய வட்டியை விட்டுக்கொடுக்க மாட்டார். ஆகையால் வாங்குபவர் பத்திரத்தின் விலையோடு அதுவரை சேர்ந்த வட்டியையும் கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. வங்கி வட்டாரத்தில் 'புரோக்கன் பீரியட் வட்டி' என்று வழங்கும் இந்தத் தொகையை, வருமான வரிக்கான கணக்கில் செலவு என்று கழிப்பதா, கிரயத்தில் ஒரு பகுதி என்று சேர்ப்பதா என்பதே, நம் நாட்டு வங்கிகளுக்கும் வரி இலாகாவுக்கும் இடையே பல்லாண்டுகள் நீடித்த விவகாரம்.

ஓர் உதாரணத்தைக் கொண்டு இதைப் பார்ப்போம். ஒரு கோடி ரூபாய் முகமதிப்புள்ள அரசுப் பத்திரம் ஒன்று, ஆண்டுக்கு 7.20 சதவீத வட்டியுடன், ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய தேதிகளில் வட்டி தருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வங்கி அதை மே 1 அன்று முகமதிப்பிலேயே வாங்குகிறது. அரசுப் பத்திரங்களுக்கு மாதம் 30 நாள், ஆண்டு 360 நாள் என்று கணக்கிடுவதே இங்குள்ள வழக்கமாதலால், கழிந்துபோன 120 நாட்களுக்கு ரூ. 2,40,000 வட்டி சேர்ந்திருக்கும். வங்கி கொடுப்பது மொத்தம் ரூ. 1,02,40,000. ஜூலை 1 அன்று அரை ஆண்டு வட்டி ரூ. 3,60,000 முழுமையாக அதன் கைக்கு வருகிறது. ஆனால் இரண்டு மாதம் பத்திரத்தை வைத்திருந்ததால் அது உண்மையில் ஈட்டியது ரூ. 1,20,000 மட்டுமே, எஞ்சியது, தானே முன்கூட்டிக் கொடுத்த பணம் திரும்பி வந்ததேயாகும்.

இலாகாவின் வாதமோ வேறு. வருமானம் தரும் ஒரு சொத்தை வாங்கக் கொடுத்த தொகை எவ்வளவாயினும் அது மூலதனமே என்றும், அதை வட்டி வருமானத்திலிருந்து கழிக்க இயலாது என்றும் அது கூறிற்று. விஜயா வங்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1990-ல் அளித்த தீர்ப்பு இதற்கு ஆதாரமாயிற்று. ஆனால் அந்த வழக்கு, பத்திரங்களின் வட்டிக்கென்று சட்டத்தில் தனித் தலைப்பும், அதற்கென்றே வரையறுத்த கழிவுகளும் இருந்த காலத்தது. 1989 ஏப்ரல் 1 முதல் அந்தத் தலைப்பே சட்டத்திலிருந்து நீங்கிவிட்டது. தவிர, வங்கி பத்திரத்தை விற்கும்போது வாங்கிக்கொள்ளும் இதே வட்டியை வியாபார வருமானம் என்று வரிக்கு உட்படுத்திவிட்டு, கொடுக்கும்போது மட்டும் செலவல்ல என்பது பொருந்தாது என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி வழக்கில் பம்பாய் ஹைகோர்ட் 2002-ல் எடுத்துக்காட்டியது.

2024 அக்டோபரில், பாங்க் ஆஃப் ராஜஸ்தான் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதற்குத் தெளிவான அளவுகோலைத் தந்தது. பத்திரத்தை வங்கி எந்த நோக்கத்தோடு வைத்திருக்கிறது என்பதே அந்த அளவுகோல். விற்பனைக்கென்று வைத்திருக்கும் பத்திரங்கள் வங்கியின் வியாபாரச் சரக்கு; ஆகவே அவற்றுக்காகக் கொடுத்த வட்டி வியாபாரச் செலவாகக் கழியும். முதிர்வு வரை வைத்திருக்கும் முதலீடாயின், அது கிரயத்தோடு சேர்ந்துவிடும். முதிர்வு வரை வைத்திருப்பவை என்று ஏட்டில் வகைப்படுத்திய பத்திரங்களையும், அந்தப் பெயரைக் கொண்டு மட்டும் தீர்மானித்துவிடாமல், உண்மையில் வங்கி அவற்றைச் சரக்காக நடத்திற்றா என்று ஒவ்வொரு வழக்கின் விவரங்களைக் கொண்டு பார்க்க வேண்டும்.

நம் உதாரணத்தில், சரக்கானால் ஜூலை வட்டியில் வரிக்குரியது ரூ. 1,20,000, முதலீடானால் ரூ. 3,60,000 முழுவதும். முதலீட்டாளரின் கிரயம் ரூ. 1,02,40,000 என்று நிற்பதால், பின்னர் முகமதிப்புக்கே விற்கும்போது ரூ. 2,40,000 நஷ்டம் தோன்றும் என்பது மெய். எனினும் மூலதன நஷ்டத்தை மூலதன லாபத்தில்தான் ஈடுகட்டலாமேயன்றி, வட்டி வருமானத்தில் ஈடுகட்டச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே பெயர் மாற்றம் போலத் தோன்றும் இந்த வித்தியாசம் மெய்யான வரிச்சுமையாகவே முடிகிறது.

கணக்கெழுதுவோர் இங்கே இடறும் இடம் ஒன்றுண்டு. வட்டியைச் செலவாகக் கழித்த பின்பும், சரக்கின் கிரயத்தை ரூ. 1,02,40,000 என்றே ஏட்டில் விட்டுவிட்டால், ஒரே தொகை இரு முறை கழிந்துவிடும். வட்டியைக் கழித்தவரின் ஏட்டில் கிரயம் ஒரு கோடியாகவே இருக்க வேண்டும்; கழிக்காதவரின் ஏட்டில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரமும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். வாங்கிய நாளில் வந்த ஒப்பந்தச் சீட்டில் விலையும் வட்டியும் தனித்தனி வரிகளில் நிற்கும். அந்தச் சீட்டோடு ஏட்டை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு, வட்டியின் வரி எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்பது மறைந்திருக்க வழியில்லை.