ரிட்ஜ் அடக்கும், லாஸோ நீக்கும்

வீட்டு விலையைக் கணிக்கப் பரப்பளவையும் அறை எண்ணிக்கையையும் சேர்க்கிறோம். இரண்டும் சேர்ந்தே கூடுவதால், எதன் பங்கு எவ்வளவு என்று தரவால் பிரிக்க முடியாது. சில வீடுகளை மாற்றினாலே ஒன்றின் கெழு எகிறும், மற்றது எதிர்க்குறிக்குப் போகும். ஹோயர்லும் கென்னார்டும் 1970இல் விளக்கிய ரிட்ஜ், கெழுக்களின் வர்க்கத்துக்குத் தண்டம் விதித்து இந்த ஆட்டத்தை அடக்குகிறது. பதிலுக்குச் சிறிது சாய்வு சேரும். பெரும்பாலும் அது லாபமான பேரம்தான்.

1996இல் டிப்ஷிரானி முன்வைத்த லாஸோ, கெழுவின் அளவுக்கே தண்டம் விதிக்கிறது. தொடர்பற்ற இரு மாறிகளின் கெழுக்கள் 3, 0.4 என்போம். ரிட்ஜ் பாதியாக்கினால் 1.5, 0.2. லாஸோ 0.5 கழித்தால் 2.5 மிஞ்சும், 0.4 பூஜ்யமாகி, அந்த மாறி வெளியேறும். வர்க்கத் தண்டத்தின் இழுப்பு பூஜ்யத்தருகே வலுவிழக்கும், லாஸோவினுடையது குறையாது.

ஒட்டிய மாறிகளில் லாஸோ ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளக்கூடும். விடுபட்டதைப் பயனற்றது என்று முடிவுகட்டாதீர்கள்.