படிக்கட்டையும் காட்டும் படங்கள்

உரிமையாளர் குடும்பத்தோடு வசிக்கும் வீட்டிலேயே சில அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் முறை ஹோம்ஸ்டே எனப்படுகிறது. கொடைக்கானலுக்கு அருகே பூம்பாறையில் மூன்று அறைகள் கொண்ட ஒரு ஹோம்ஸ்டேயை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இரவுக்கு 3,000 ரூபாய் வாடகையில் இரண்டு இரவு தங்குபவர் முன்பதிவுத் தளத்தில் 6,000 ரூபாய் செலுத்த, தளம் 20 சதவீதக் கமிஷன் பிடித்தால் உரிமையாளர் கைக்கு வருவது 4,800 ரூபாய். அதே விருந்தினர் நேரடியாகப் பேசி 5,600 ரூபாய்க்குப் பதிவு செய்தால் அவருக்கு 400 ரூபாய் மிச்சமாகும். உரிமையாளருக்கு 800 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். தளத்தில் உள்ளதைவிடக் குறைந்த விலைக்கு வேறெங்கும் விற்கக் கூடாது என்னும் விலைச் சமநிலை நிபந்தனை சில ஒப்பந்தங்களில் இருப்பதுண்டு. இதை நீக்கும்படி ஒரு பெரிய முன்பதிவு நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆயினும் விலையைக் குறைக்குமுன் உரிமையாளர் தம் ஒப்பந்தத்தை வாசித்துவிடுவது நல்லது.

நேரடிப் பதிவில் விருந்தினருக்கு ஒரு குறை உண்டு. முன்பணம் செலுத்திய பின் ஏதேனும் பிசகினால் முறையிடுவதற்கு இடைத்தளம் இராது என்பதால், அந்த நம்பிக்கையை உரிமையாளரே முன்கூட்டி உண்டாக்க வேண்டியிருக்கிறது. இங்குதான் படங்கள் பயன்படுகின்றன. கைப்பேசியின் 0.5 மடங்கு அகலக் கோணத்தில் எடுத்தால் பத்தடி அறையும் கூடம்போலத் தோன்றும். ஆகவே 1 மடங்கில், நெஞ்சுயரத்தில், பகல் வெளிச்சத்தில் எடுப்பதே சரி. கட்டிலோடு குளியலறையையும், வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு ஏறும் செங்குத்தான படிகளையும் காட்ட வேண்டும். முழங்கால் வலியுள்ள முதியவரை அழைத்துவரும் குடும்பம் அப்படத்தைப் பார்த்து விலகிக்கொண்டால் அது நட்டமன்று, வந்தபின் எழும் சச்சரவு தவிர்க்கப்பட்டது என்றே கொள்ளத்தக்கது.

படம் காட்டாத தொடர்ச்சியைக் குறுங்காணொளி காட்டும். பிரதான சாலையிலிருந்து வாசல்வரை நடக்கும் முப்பது வினாடிக் காட்சியை வெட்டாமல் எடுத்து, எடுத்த மாதத்தையும் அதன்மேல் எழுதிவிட வேண்டும். மே மாத வெயிலில் எடுத்ததை மழையும் மூடுபனியும் நிறைந்த நவம்பரில் தேதியின்றிப் பதிவிடுவது ஏமாற்றே ஆகும். கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் பற்றிய குறிப்பையும் சேர்த்தால், வழியில் திகைக்கும் விருந்தினரின் தொலைபேசி அழைப்புகள் குறையும்.

விருந்தினர் மதிப்புரை படத்துக்கும் காணொளிக்கும் சாட்சியாக அமைகிறது. “படி செங்குத்துதான், படத்தில் இருப்பதுபோலவே” என்று ஒருவர் எழுதும் வரி, ஐந்து நட்சத்திரத்தைவிட அடுத்தவருக்குப் பயன் தருவது. கூகுள் மேப்பில் மதிப்புரைக்கு ஈடாகத் தள்ளுபடி தருவதும், மகிழ்ந்தவர்களை மட்டும் தேர்ந்து எழுதச் சொல்வதும் விதிமீறல். எனவே அறையைக் காலி செய்யும் எல்லோரிடமும் ஒரே விதமாகக் கேட்பதும், வெந்நீர் வரவில்லை என்னும் குறைக்குச் சரிசெய்த விவரத்தைப் பதிலாக எழுதுவதுமே முறை.

முதன்முறை தேடுபவர் கண்ணில் படுவதற்கு முன்பதிவுத் தளம் இன்னும் உதவுவதால், அதை உடனே விட்டுவிடுவது சிறு உரிமையாளருக்கு நன்மையன்று. மறுமுறை வருபவரையும் அவர் அனுப்பிவைக்கும் உறவினரையும் நேரடிப் பதிவுக்குக் கொண்டுவருவதே நடைமுறையில் கைகூடும் இலக்கு.