ஒப்பந்தப்புள்ளியின் முகப்புக் கடிதம்

திருச்சிராப்பள்ளி வட்டாரத்துச் சங்கங்களின் கோப்புகளைத் தணிக்கை செய்யும்போது, ஒப்பந்தப்புள்ளியோடு அனுப்பப்பட்ட முகப்புக் கடிதத்தையே முதலில் எடுத்துப் படிப்பது என் வழக்கம். பெரும்பாலான காரியதரிசிகள் அதை ஒரு சடங்காகவே கருதுகின்றனர். சென்ற ஆண்டுக் கடிதத்தில் தேதியை மாற்றி, "தங்கள் மேலான ஆதரவை நாடுகிறோம்" என்று முடித்துக் கையொப்பமிட்டுவிடுவர். இப்போது புள்ளிகள் பெரும்பாலும் இணையத்தின் வழியே ஏற்றப்படுகின்றன. அதனால் கடிதத்தின் தேவை போய்விட்டது என்று எண்ணுவோரும் உண்டு. ஆனால் புள்ளியைத் திறக்கும் குழுவினர் முதலில் காண்பது இந்த ஒரு தாளைத்தான். அதில் எழுதப்படும் ஒவ்வொரு வாக்கியமும் சங்கத்தின் முனைவின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். உறையூரிலுள்ள நெசவாளர் சங்கம் ஒன்று, அரசு மருத்துவமனை ஒன்றுக்கு 2,000 படுக்கை விரிப்புகள் வழங்கப் புள்ளி அளிப்பதாக வைத்துக்கொள்வோம். நிபந்தனைகளில் இரண்டு முக்கியமானவை. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் ஒரே ஆணையின் கீழ் குறைந்தது 1,000 விரிப்புகள் வழங்கியிருக்க வேண்டும். கொடுத்த விலை 90 நாட்களுக்கு மாறாதிருக்க வேண்டும். தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டு உறைகள் உண்டு.

இச்சங்கம் ஒரு மாணவர் விடுதிக்கு 700 விரிப்புகளும், வேறொரு மருத்துவமனைக்கு 600 விரிப்புகளும் வழங்கியிருக்கிறது. கூட்டினால் 1,300. "ஆயிரத்துக்கு மேற்பட்ட விரிப்புகள் வழங்கிய அனுபவம் எமக்கு உண்டு" என்று எழுதிவிடலாம் என்று காரியதரிசிக்குத் தோன்றும். சொல் பொய்யன்று, ஆயினும் கேட்டது அதுவன்று. ஒரே ஆணை என்று நிபந்தனை கூறும்போது இரண்டைக் கூட்டிக் காட்டுவது செல்லாது.

இது குறித்து உச்ச நீதிமன்றம் 1979-ஆம் ஆண்டிலேயே தெளிவான தீர்ப்பொன்றை வழங்கியிருக்கிறது. 1977-இல் பம்பாய் விமான நிலையத்தில் உணவு விடுதியும் சிற்றுண்டிச் சாலைகளும் நடத்த ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. பதிவுபெற்ற இரண்டாம் வகுப்பு உணவு விடுதியாளராகவும், ஐந்தாண்டு அனுபவம் உடையவராகவும் இருப்போர் மட்டுமே புள்ளி அளிக்கலாம் என்பது நிபந்தனை. மிகுந்த தொகை கொடுக்க முன்வந்தவர் தம் புள்ளியோடு ஒரு கடிதமும் இணைத்திருந்தார். வர்த்தக நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் உணவு வழங்கிய நீண்ட அனுபவம் தமக்குண்டு என்பது அதன் சாரம். அனுபவம் மெய்யே, ஆனால் அவர் அத்தகைய பதிவு பெற்ற விடுதியாளர் அல்லர். அதிகாரிகள் அதை ஏற்று ஒப்பந்தத்தை அளித்துவிட்டனர். தானே விதித்த தகுதியை அரசு அமைப்பு தானே தளர்த்தக்கூடாது என்று நீதிமன்றம் கூறிற்று. வழக்காடியவர் காலந்தாழ்த்தி வந்ததாலும், அதற்குள் ஒப்பந்தம் பெற்றவர் பெருஞ்செலவு செய்துவிட்டதாலும் அந்த ஒப்பந்தம் ரத்து செய்யப்படவில்லை. அதை நம்பி நம் சங்கங்கள் துணியலாகாது. போட்டியாளர் உரிய காலத்தில் வழக்குத் தொடுத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும்.

ஆகவே உறையூர்ச் சங்கம் செய்யவேண்டியது யாது? புள்ளி அளிக்கும் நாளுக்கு முன்னரே, முன்கூட்டக் கலந்தாய்விலோ எழுத்து மூலமாகவோ, இரண்டு ஆணைகளைக் கூட்டிக் காட்டலாமா என்று விளக்கம் கேட்க வேண்டும். ஏற்பார்களெனில் அந்த விளக்கத்தின் எண்ணையும் தேதியையும் கடிதத்தில் குறிப்பிட வேண்டும். ஏற்கவில்லையெனில் இந்தப் புள்ளியை விட்டுவிடுதல் மேல். முன்வைப்புத் தொகையும் உழைப்புமாவது மிஞ்சும். அனுபவப் பத்தியில் ஆணை எண், தேதி, வழங்கிய அளவு, முடிவுச் சான்று இணைப்பின் எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற நான்கும் இருந்தால் போதும். நெசவின் பெருமையையும் சங்கத்தின் வெள்ளி விழாவையும் அங்கே எழுதுவதால் குழுவினரின் பொறுமை குறையுமேயன்றி மதிப்பெண் கூடாது.

இனி நிபந்தனைகளுக்கு இணங்கும் பத்தி. "அனைத்து நிபந்தனைகளையும் ஏற்கிறோம்" என்ற ஒரு வரிக்குப் பின், "நூல் விலை ஏறினால் விலை மாற்றத்திற்கு உட்பட்டது" என்று இன்னொரு வரி எழுதும் வழக்கம் உண்டு. நூல் விலையின் ஏற்ற இறக்கத்தால் நெசவாளர் படும் பாடு அறிந்தவன் என்ற முறையில், அந்த வரியை எழுதத் தூண்டும் அச்சத்தை நான் குறைகூறேன். ஆயினும் 90 நாள் மாறா விலை கேட்கப்பட்ட இடத்தில் அது நிபந்தனையோடு கூடிய புள்ளியாகிவிடும். நிராகரிக்கப்படுவதற்கு அந்த ஒரு வரி போதும். நூலின் அபாயத்தை விலையைக் கணக்கிடும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். கடிதத்தில் அதற்கு இடமில்லை. அவ்வாறே, தொழில்நுட்ப உறையில் செல்லும் இக்கடிதத்தில் விலையையோ தள்ளுபடியையோ குறிப்பிடலாகாது. இரண்டு உறை முறையில் விலை முன்னரே வெளிப்பட்டால் புள்ளி தள்ளப்படும்.

உண்மையிலேயே ஏதேனும் மாறுபாடு இருந்தால் அதை ஒளிக்காமல் தனிப் பத்தியாக எழுதுவதே சரி. கேட்ட விரிப்பின் அகலம் 60 அங்குலம், சங்கத்தின் தறிகளில் 58 அங்குலமே நெய்ய முடியும் என்றால், அதைச் சொல்லி ஏற்பு கேட்க வேண்டும். எல்லா மாறுபாடும் ஒரே எடையுள்ளதன்று. 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மற்றொரு வழக்கில், முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி வரைவோலையாகவோ செலுத்துமாறு கோரப்பட்டிருந்தது. ஒருவர் வேறொரு வங்கியின் சான்றளித்த காசோலையை அனுப்பினார். அது சிறு நடைமுறைக் குறை என்றும், அடிப்படை நிபந்தனையை மீறியதன்று என்றும் நீதிமன்றம் கருதியது. எது அடிப்படை, எது சிறு குறை என்று முடிவு செய்வது நாமல்ல, கோரும் அலுவலகம் என்பதைக் காரியதரிசிகள் மறக்கலாகாது. முன்வைப்புத் தொகையில் விலக்குக் கோரும் சங்கம், எந்த அரசாணையின்படி, எந்தச் சான்றிதழின் பேரில் கோருகிறது என்பதைக் கடிதத்திலேயே சொல்லி, சான்றை இணைக்க வேண்டும்.

கையொப்பத்திற்குச் சற்று மேலே, கையெழுத்திட அதிகாரமளித்த நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் எண்ணும் தேதியும் வரவேண்டும். இது விடுபட்ட கடிதங்களை நான் கண்ட அளவுக்கு வேறெந்தக் குறையையும் கண்டதில்லை. தலைவர் மாறிய ஆண்டுகளில் பழைய தீர்மானமே மேற்கோள் காட்டப்பட்டிருக்கும்.

கடைசியாக, விளக்கம் கேட்கத் தொடர்புகொள்ள வேண்டியவர். திருவரங்கத் தீவிலுள்ள வாழை விவசாயிகள் சங்கம் ஒன்று, பழம் வழங்கப் புள்ளி அளித்துவிட்டு, தொடர்பிற்குச் சங்கத்தின் மின்னஞ்சலை மட்டும் கொடுத்திருந்தது. இரண்டு நாட்களுக்குள் ஒரு சான்றின் தெளிவான படியை அனுப்புமாறு கேட்டு அஞ்சல் வந்தது. அதைத் திறக்கும் எழுத்தர் விடுப்பில் இருந்தார். தலைவரோ கொள்ளிடக் கரையில் காற்றில் சாய்ந்த வாழைகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கெடு கடந்துவிட்டது. அன்றிலிருந்து, இரண்டு பெயர்களை எழுதச் சொல்கிறேன்: புள்ளியின் கணக்கை அறிந்த ஒருவர், அவர் இல்லாதபோது பதில் சொல்லக்கூடிய இன்னொருவர். ஒவ்வொருவரின் பதவியும் கைபேசி எண்ணும் அலுவலக நேரமும் இருக்க வேண்டும். அஞ்சற் பெட்டியை நாளும் காலையிலும் மாலையிலும் பார்ப்பவர் யார் என்பதும் சங்கத்திற்குள் முடிவாகியிருக்க வேண்டும். விளக்கம் கேட்டு வருவோருக்கு எழுத்தில் மட்டுமே விடை தரவேண்டும்; விலையை மாற்றும்படியான எந்தச் சொல்லும் தொலைபேசியில் வரக்கூடாது.